திரும்பி வந்த பானைகள்

முதல் நாளே என்னை அடித்தவர் அந்த அக்கா. வாடகை பேசி, வண்டியை அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி, ஒரு பானையைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினேன். மணிக்கட்டில் பளீரென்று விழுந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. ஒரகடத்துக் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்க முடியாமல்தான் லைன் வேலையை உதறிவிட்டு, கடனில் குட்டியானை சரக்கு வண்டி எடுத்திருந்தேன். அங்கே ஏச்சு என்றால் இங்கே அடி.

"கழுத்த புடிச்சா எதுக்குத்தான் வலிக்காது? அடியில கைய குடுத்துத் தூக்கு" என்றார்.

குட்டையான உருவம். முழங்கைக்குக் கீழே மட்டும் ஆம்பிளைக் கை. நகக்கண்ணில் எப்போதும் சூளைச் சாம்பல் இருக்கும். நாற்பதைத் தாண்டியிருப்பார். நான் அக்கா என்பேன், அவர் என்னை டிரைவரு என்பார். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இரண்டு பக்கமும் இல்லை. வல்லம் வடகாலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அவர் வீடு. ஆடி மாதம் வந்துவிட்டால் வாரா வாரம் ஒரு அம்மன் கோயிலில் திருவிழா. ஒவ்வொன்றுக்கும் அவர் பானையை என் வண்டிதான் சுமந்தது.

பானை ஏற்றுவதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அடியில் ஒரு முழத்துக்கு வைக்கோல், அதன்மேல் பானைகளை வாய் கீழாகக் கவிழ்த்து வரிசை, இடுக்கில் எல்லாம் வைக்கோல், மறுபடி ஒரு வரிசை. கயிற்றை இறுக்கிக் கட்டினால் ஓரப் பானை உடையும், தளரவிட்டால் நடுப்பானை உடையும். வேகத்தடையில் நான் கொஞ்சம் அசிரத்தையாக ஏறினாலும் பின்னாலிருந்து கேபினைக் குத்துவார். என் வண்டியின் பின்பக்கத் தகரத்தில் அவர் முட்டியின் பள்ளம் கடைசிவரை இருந்தது.

கடையிலும் அப்படித்தான். யாராவது பானையை எடுத்து, ஓட்டை இருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்த்தால் போதும், பிடுங்கி இடது உள்ளங்கையில் நிறுத்தி வலது கை முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். கணீரென்று கேட்டால் வாங்குகிறவர் மடியில் திணிப்பார். சத்தம் சொத்தென்று விழுந்தால், அதாவது கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், அந்த இடத்திலேயே பக்கத்துக் கல்லில் போட்டு உடைப்பார். ஓடு பறக்கும். ஜனங்கள் விலகி ஓடுவார்கள். ஒரு தடவை, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பையன் ஒருவன் தண்ணீர்ப் பானையின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அவன் கையிலும் விழுந்தது ஒன்று. "எக்கா, எங்க அம்ம கூட என்னைய அடிச்சதில்ல" என்று சிரித்துக்கொண்டே இரண்டு பானை வாங்கிப் போனான்.

இப்படிப்பட்ட மனுஷி விலை என்று வந்தால் மட்டும் ஒன்றுமில்லாமல் போய்விடுவார். அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

திருவிழாவில் பானைக்கடைகள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். காலையில் கடை விரித்ததும் குயவர்கள் கூடி ஒரு விலை பேசுவார்கள். பொங்கல் வைக்கிற நடுத்தரப் பானை அறுபது என்றால் வரிசை முழுக்க அறுபது. சாயங்காலம் சாமி புறப்படும்வரை யாரும் இறங்கக் கூடாது. இவரும் தலையை ஆட்டிவிட்டு வருவார். பத்து மணிக்கு ஐம்பது. வெயில் ஏறினால் நாற்பது. மூன்று மணிக்கு முப்பது. பொழுது சாயச் சாய இருபதுக்கும் பதினைந்துக்கும் கூவிக் கூவித் தள்ளுவார். பக்கத்துக் கடைக்காரர்கள் வயிறெரிந்து திட்டுவார்கள். கடைசியில் மிஞ்சும் ஒன்றிரண்டை ஊர் எல்லையில் என் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, மைல் கல்லில் அடித்து உடைத்துவிட்டு ஏறுவார். முதலில் நான் அதைக் கோபம் என்றே நினைத்தேன்.

ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல். வரும் வழியெல்லாம் கேபினில் சுருண்டு கிடந்தார். வைக்கோலுக்குள் மூன்று பானை புதைந்திருந்தது இரண்டு பேருக்கும் தெரியாது.

வாசலில் அவர் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிக்க மாட்டார், சத்தம் போட்டுப் பேச மாட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, சக்கரத்தில் உட்கார்ந்தால் மண் அவர் பேச்சைக் கேட்கும். பானையின் மேல்பாகத்தை அவர் வனைவார். அது பாதி காய்ந்ததும் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி அடிப்பாகத்தை உருட்டி எடுப்பது அக்காவின் வேலை. அப்படித் தட்டுகிற மரப்பலகை ஒன்று எப்போதும் வாசல் நிலையில் சாய்ந்திருக்கும்.

அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். வைக்கோலை விலக்கினார். "மூணு" என்றார். நிலையில் சாய்ந்திருந்த பலகையை எடுத்து வந்தார். காய்ச்சலோடு இறங்கி நின்ற மனைவியின் தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, தடுக்க வந்த முழங்கையில் ஒன்று. மூன்றோடு நிறுத்திவிட்டார். முகத்தில் கோபமே இல்லை. அந்த மூன்று பானையையும் தெருவில் போட்டு உடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, டீ குடிக்கிறீங்களா என்று கேட்டார்.

நான் பாய்ந்து போய் அவர் சட்டையைப் பிடித்தேன். அக்காதான் என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். "நீ போ டிரைவரு. இது எங்க வூட்டுப் பழக்கம்."

பிறகொரு நாள் விஷயத்தைச் சொன்னார். சந்தைக்குப் போன பானை விலைபோகாமல் வாசல்படி ஏறினால் அடுத்த சூளை வெடிக்கும். மாமனார் காலத்திலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சு. கல்யாணமான முதல் வருஷம் ஐந்து பானை திரும்பி வந்ததாம், அடுத்த சூளையில் பாதி உடைந்ததாம். ஆடிக் காற்றில், நனைந்த விறகை வைத்து எரித்தால் எந்தச் சூளையும் உடையும். ஆனால் பழி இவர் தலையில் ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து திரும்பி வரும் பானை ஒன்றுக்கு ஒரு அடி. வீட்டுக்காரர் அதை ஒரு கடமையாகவே செய்துவந்தார். குடித்துவிட்டு அடிக்கிறவனைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடியும். இந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் தொழிற்பேட்டை வாசல் டீக்கடையில் உட்காரவைத்துக் கேட்டேன், ஒரு பானைக்கு உனக்கு என்ன ஆகிறது என்று. அவர் விறகுக் காசையும் என் வாடகையையும் மட்டும் சொன்னார். மண்ணுக்கு என்றால், ஏரி மண்ணுக்கு எவன் காசு கேட்பான் என்றார். ஏரி மண் எடுத்தது அந்தக் காலம். ஏரிக்குப் போகும் வழியில் கம்பிவேலி போட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து டிராக்டரில் களிமண் வந்தது, அதில் கலக்க மணல் தனியாக வந்தது. விறகும் முன்போல இல்லை. கம்பெனிகளில் சாமான் வந்து இறங்கும் மரச்சட்டங்களை உடைத்து எடைக்கு விற்பார்கள், அதைத்தான் எரித்தார். அதிலுள்ள ஆணி சாம்பலில் கிடந்து அவர் காலைக் குத்தும். பத்துப் பானை அடுக்கினால் ஒன்றோ இரண்டோ சூளையிலேயே போய்விடும், அந்தச் செலவும் பிழைத்த பானைமேல்தான் ஏற வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால், அவர் கூலியும் வீட்டுக்காரர் கூலியும் சேர்க்காமலே, ஒரு பானை முப்பத்தைந்துக்குக் குறையாது. இருபதுக்கு விற்கும்போது பானையையும் கொடுத்து, மேலே ஒரு டீக்காசையும் கூடக் கொடுத்தனுப்புகிறார்.

"யாவாரம் இல்லாத ஊரா அக்கா இது?" என்றேன். படப்பையிலிருந்து ஒரகடம் வரை மனைபோட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கிரகப்பிரவேசத்துக்கும் பால் பொங்க ஒரு புதுப்பானை வேண்டும். பானைக்கு அவ்வளவு கிராக்கி.

அவர் கணக்கை ஒத்துக்கொண்டார். டீயை ஊதிக் குடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "திரும்பி வந்தா உம் முதுகையா குடுப்ப?"

அந்த வருஷம் ஆடியின் இரண்டாவது திருவிழா. இருநூறு பானை ஏற்றியிருந்தோம். அடுத்த சூளைக்கு வேண்டிய பானைகள் தட்டி, நிழலில் காய்ந்து, வீட்டில் தயாராக இருந்தன. எரிக்க விறகு மட்டும் இல்லை. அன்றைய விற்பனையில்தான் விறகு வாங்க வேண்டும். விறகு இல்லையென்றால் ஆடியில் மீதி இருந்த திருவிழாக்கள் அத்தனையும் போச்சு. அதோடு அந்த வருஷத்துச் சாப்பாடே போச்சு.

வரிசை விலை அறுபது. வழக்கம்போலப் பத்து மணிக்கே இவர் நாற்பத்தைந்துக்குக் கூவ ஆரம்பித்தார். பக்கத்துக் கடை வாலாஜாபாத்துக் குயவருடையது. முரட்டு ஆள், ஆனால் வார்த்தை சுத்தமானவர். அவர் கடைக்கு வந்த ஜனமெல்லாம் இந்தப் பக்கம் சாய்ந்ததும், எழுந்து வந்து இவருடைய அடுக்கை ஒரு உதை விட்டார். நாலு பானை சிதறியது. இவர் ஒரு ஓட்டுத் துண்டை எடுத்து அவர் காலைக் குறிபார்த்து எறிந்தார். "எங்க சோத்துல மண்ண போடறியே, உனுக்கு இன்னா கேடு?" என்று அவர் கத்தினார். நான் நடுவில் புகுந்து விலக்கியதில் எனக்கும் ஒன்று விழுந்தது.

பதினொரு மணி சுமாருக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் பந்தல் துணி படபடத்தது. மழை வந்தால் பொங்கல் வைக்க ஒருத்தியும் வரமாட்டாள். அக்கா வானத்தைப் பார்த்தார், மிச்சமிருந்த பானைகளைப் பார்த்தார். அவர் கை தன்னாலே போய்த் தோளைத் தடவியது. விலை முப்பதுக்கு இறங்கியது.

அந்த நேரம் பார்த்து வந்தார் படப்பைப் பாத்திரக்கடைக்காரர். திருவிழாவில் எவர்சில்வர் கடை போட்டிருந்த ஆள். மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன், ஒன்று இருபத்தைந்து என்றார். நூற்றைம்பது பானைக்கு மேல் மிச்சம் இருந்தது. நான் அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன், கம்பெனிகளில் முதல் ஷிப்ட் விடுகிறவரை பொறு என்றேன். என் கையைத் தட்டிவிட்டார். கடைக்காரர் ஆட்கள் பானைகளைச் சுமந்து, எதிர்ப்பக்கம் அவர் பந்தலில் கொண்டுபோய் அடுக்கினார்கள். அக்கா வெறும் தரையில் உட்கார்ந்து, அன்று முதல்முறையாகத் தண்ணீர் குடித்தார். முகம் தெளிந்திருந்தது.

மழை வரவில்லை. ஆடிக் காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. மூன்று மணிக்கு மேல் கம்பெனிப் பேருந்துகள் கூட்டுச்சாலையில் ஆட்களை இறக்கின. யூனிபார்மோடு பெண்கள் வந்தார்கள், குடும்பத்தோடு வந்தார்கள். அந்தக் கோயிலில் பொங்கல் வைக்கிறவர்கள் பானையை அங்கேயே புதிதாக வாங்கித்தான் வைப்பார்கள், வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை. வாலாஜாபாத்துக்காரர் வரிசையில் சரக்கு தீர்ந்தது. பாத்திரக்கடைக்காரர் எண்பது என்றார். வாங்கினார்கள். யாரும் பெரிதாகப் பேரம்கூடப் பேசவில்லை.

நான் வண்டியில் படுத்திருந்தேன். ஓடு உடையும் சத்தம் கேட்டு எழுந்தபோது அக்கா அந்தப் பந்தலுக்குள் இருந்தார். கையில் பந்தல் கால் ஒன்று. அடுக்கின் நடுவில் நின்று வீசிக்கொண்டிருந்தார். பானைகள் வெடித்து ஓடு நாலாபுறமும் தெறித்தது, பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைக்காரர் ஓடிவந்து முடியைப் பிடித்து இழுத்து இரண்டு கன்னத்திலும் அறைந்தார். அக்கா தரையில் கிடந்த ஓட்டுத் துண்டை எடுத்து அவர் முகத்தில் இழுத்துவிட்டார். புருவத்துக்குமேல் கிழிந்து ரத்தம் கண்ணை மூடியது. கடை ஆட்கள் அக்காவை ஓடுகளின் மேலேயே தள்ளி மிதித்தார்கள். நானும் ஒருவனை அடித்தேன், என் உதடு கிழிந்தது. அக்காவின் இரண்டு உள்ளங்கையும் அவர் செய்த பானைகளின் ஓட்டிலேயே அறுபட்டிருந்தன.

கடைசியில் விலக்கியது யார் தெரியுமா? காலையில் அடுக்கை உதைத்த அதே வாலாஜாபாத்துக்காரர். அக்காமேல் குறுக்கே நின்று, பொம்பளைய மிதிக்கிறவன் முன்னால வாடா என்றார். ஒருவனும் வரவில்லை.

கோயில் மண்டபத்தில் கூட்டிவைத்துப் பேசினார்கள். ஊர்த் தலைவர் உடைந்ததை எண்ணச் சொன்னார். நாற்பது. கடைக்காரர் புருவத்தில் துண்டை அழுத்திக்கொண்டு, ஒன்று எண்பது என்றார்.

"இருவத்தஞ்சுக்கு நாந்தான் குடுத்தேன்" என்றார் அக்கா.

தலைவர் நல்ல மனுஷன்தான். நிதானமாகவே சொன்னார். "குடுத்தப்புறம் அது உன் பானை இல்லம்மா. இந்த நேரத்துல இங்க பானை எண்பது. ஒடச்சவங்க இங்க இருக்கிற வெலயத்தான் குடுக்கணும்."

நாற்பது எண்பது மூவாயிரத்து இருநூறு. தையல் போட எண்ணூறு. அக்கா இடுப்புப் பையை அவிழ்த்தார். உள்ளங்கை ரத்தம் நோட்டுகளில் ஒட்டியது. என் வாடகையும் கடை போட்ட இடத்துக் காசும் போனபின் மிஞ்சியது ஐந்நூறு, அறுநூறு. விறகுக்கு அது காணாது. வெளியே வந்தபோது வாலாஜாபாத்துக்காரர் காத்திருந்தார்.

"இங்க எண்பதுக்கு வாங்கின ஜனம், காலைல உங்கிட்ட நாப்பத்தஞ்சுக்கு வாங்கின அதே ஜனந்தான். ஜனத்துக்குக் காசு இல்லாம இல்ல. உனுக்குத்தான் வாய் இல்ல" என்றார். பிறகு, விறகு நான் தர்றேன், ஆடி கழித்துக் கொடு என்றார். ஒரு நிபந்தனை மட்டும். வரிசை விலைக்குக் கீழே ஒரு ரூபாய் இறங்கினாலும் அங்கேயே அடுக்கை உடைப்பேன் என்றார்.

வரும் வழியில் வேகத்தடையில் நான் வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கிப்போட்டேன். அக்கா கேபினைக் குத்தவில்லை.

வாசலில் வீட்டுக்காரர் நின்றார். மனைவியின் வீங்கிய கன்னத்தை அவர் பார்க்கவில்லை. துணி சுற்றிய கைகளைப் பார்க்கவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தார், வைக்கோலை விலக்கினார்.

"எல்லாம் போச்சா?"

"போச்சு."

"சரி, சாப்புடு" என்று உள்ளே போய்விட்டார். அவர் மனதுக்குள் அன்றைக்கு நல்ல நாள். அக்கா வெறும் வண்டியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கே பயமாக இருந்தது.

வாலாஜாபாத்து விறகில் சூளை எரிந்தது. நன்றாகவே வெந்தது. அடுத்த திருவிழாவில் வரிசை கூடி எண்பது என்று முடிவு செய்தது. போன வாரம் எல்லோரும் கண்ணால் பார்த்த விலை அது. அக்கா கடை விரித்தார். பேரம் பேசினவர்களிடம் எண்பது என்றார். எழுபது என்றால் எண்பது. போகிறேன் என்றால் போ. கையில் காயம் ஆறாததால் பானையைத் தட்டிக் காட்ட மட்டும் என்னைக் கூப்பிட்டார். காலை முழுக்க அவர் கடையில் ஈ ஓட்டினோம். இரண்டு மணிக்கு மேல் ஜனம் வந்தது, வாங்கியது.

ஆனால் அன்றைக்கு மழை நிஜமாகவே வந்தது. நாலு மணிக்கு ஊற்றிய ஊற்றில் அடுப்பெல்லாம் அணைந்து கூட்டம் கலைந்தது. சுட்ட பானைக்கு மழையால் ஒன்றுமில்லை, வாங்கத்தான் ஆள் இல்லை. இருபத்திரண்டு பானை மிச்சம். குடையோடு வந்து நின்றார் பாத்திரக்கடைக்காரர், புருவத்தில் தையல் காயாமலே. பழசை மறந்துடலாம், மொத்தமும் முப்பதுக்குக் குடு என்றார். வரிசையே எங்களைப் பார்த்தது. வாலாஜாபாத்துக்காரர் நனைந்துகொண்டு எழுந்து நின்றார்.

அக்கா தோளைத் தடவினார். பிறகு, "எண்பது" என்றார். நாற்பது வரை கடைக்காரர் ஏறிப் பார்த்தார். "அந்தப் பக்கம் போ, காத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "ஏத்து டிரைவரு" என்றார்.

ஊர் எல்லையில் மைல் கல் வந்தது. பழக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. "ஒடச்சா எண்பது குடுக்கணும். யாரு குடுக்கறது? போ" என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தோம். மழை விட்டிருந்தது. வீட்டுக்காரர் வைக்கோலை விலக்கினார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இத்தனை பானை திரும்பி அவர் பார்த்ததில்லை. இருபத்திரண்டு என்றார். போய்ப் பலகையோடு வந்தார். நான் ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நின்ற இடத்திலேயே நின்றேன்.

முதல் அடி தோளில் விழுந்தது. பலகையின் தட்டையான சத்தம் எதிர்வீட்டுச் சுவரில் மோதித் திரும்பியது. அக்கா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. இடுப்புப் பையை அவிழ்த்தார். அன்றைய விற்பனை முழுக்க அதில் இருந்தது. வழக்கமாக அதை அப்படியே வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார். இப்போது அதிலிருந்து ஒரு ஐம்பது, மூன்று பத்து எடுத்தார். அவர் கண்ணெதிரே நீட்டிக் காட்டி, தன் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"ஒண்ணு ஆச்சு" என்றார். "எண்பது. ஒடச்சவங்க வெல குடுத்துத்தான் ஆவணும், கோயில்ல சொன்னாங்க. முதுக ஒடச்சாலும் அதே வெலதான். இன்னும் இருவத்தொண்ணு கீது. அடி. நான் கம்மி பண்ண மாட்டேன்."

அந்த மனுஷர் வாழ்நாள் முழுக்க எண்ணியவர். பையைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், வண்டியிலிருந்த பானைகளைப் பார்த்தார். பலகை தூக்கியபடியே இருந்தது. இன்னொரு அடி அடிக்கத்தான் செய்தார், ஆனால் அதில் பாதி பலம்கூட இல்லை. அக்கா இன்னொரு எண்பதை எடுத்துச் செருகினார். பையை அகலமாகப் பிரித்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் வீங்கி ஏறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது அடி விழவில்லை. பலகை மெதுவாகக் கீழே இறங்கியது. அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி, எப்போதும் சாய்த்திருக்கும் நிலைக்கு அருகில் வைக்காமல், உள்ளே காய்ந்துகொண்டிருந்த பச்சைப் பானைகளுக்குப் பக்கத்தில், தட்டுகிற கல்லோடு சேர்த்து வைத்துவிட்டு வந்தார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கற, எறக்கு" என்றார் என்னிடம்.

இருபத்திரண்டையும் அடியில் கைகொடுத்துத் தூக்கி, அவர் வீட்டு வாசல்படி ஏறி, உள்ளே வைத்தேன். வீட்டுக்காரர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.